அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டும் வாழ்த்து

போன ஆவணியில் என் அம்மாவுக்கு எண்பது வயது நிறைந்தது. அதற்கு நாலு நாள் முன்பு ரொறன்ரோவிலிருந்து என் பெறாமகள் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். பெறாமகள் என்பது யாழ்ப்பாணத்துச் சொல். தங்கையின் மகள், நான் பெறாத என் மகள். "பெரியம்மா, அம்மம்மாவுக்கு வாழ்த்து எழுதியிருக்கிறன். பிழை இருந்தாச் சொல்லுங்கோ. கீழ இங்கிலீஷ் வரி என்ர ஃபிரெண்ட்ஸுக்கு" என்று எழுதி, கீழே இதைப் போட்டிருந்தாள்:

"இனிய பிறந்தநாள் நல்வாள்த்துக்கள் பாட்டி. நீங்கள் எப்போதும் மகிழ்ச்சியாகவும் ஆரோக்கியமாகவும் இருக்க வாள்த்துகிறேன். நான் உங்களை மிகவும் இழக்கிறேன்."

அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. தன் அபிமான முதிய பெண்மணிக்கு எண்பதாம், ராணி வாழ்க என்ற பொருளில் இருந்தது.

அவளுக்கு 19 வயது. பிறந்ததே அங்கேதான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துக் கற்றாள், வீட்டில் தாய் தகப்பனோடு நல்ல யாழ்ப்பாணத் தமிழ் பேசுவாள். தொலைபேசியில் அம்மம்மாவோடு அரைமணி நேரம் தடங்கல் இல்லாமல் கதைக்கிற பிள்ளை, எழுத உட்கார்ந்ததும் இப்படி ஆகிவிட்டாள். இதை அவளுடைய குறையாக நான் நினைக்கவில்லை. தான் பேசும் தமிழ் எழுத உதவாது, எழுதுவதற்கென்று வேறு ஒரு தமிழ் இருக்கிறது என்று வகுப்பில் அவளுக்குப் பதிந்துவிட்டது. அந்த வேறு தமிழ் கைவசம் போதாததால், போனில் வந்துபோகும் பூப்படங்களில் இருக்கும் வாசகங்களையும், ஆங்கிலத்தில் நினைத்ததன் நேர்ச் சொற்களையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளைகள் அனுப்பும் வாழ்த்துகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் வருகின்றன. அதனால்தான் இந்த ஒரு வாழ்த்தை எப்படித் திருத்தினோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் அவளுக்கு முதலில் சொன்னது எழுத்துப் பிழையைப் பற்றி அல்ல. "நீ எழுதுறதை அம்மம்மா வாசிக்கப் போறதில்லை. நான் வாசிக்க அவ கேக்கப்போறா" என்றேன். அம்மாவுக்குக் கண்புரை எடுத்திருக்கிறது. தினசரியின் தலைப்புகளை வாசிப்பார். போனில் தெரியும் சின்ன எழுத்து அவருக்குத் தண்ணீரில் மிதப்பதுபோல் இருக்குமாம். எங்கிருந்து எது வந்தாலும் முன் விறாந்தையில் கதிரையில் இருந்துகொண்டு, "வாசி பிள்ளை" என்பார். எண்பதைக் கடந்த தாத்தா பாட்டிகள் உள்ள பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. வாழ்த்தைத் திறப்பது ஒருவர், வாசிப்பது அவர், கேட்பது பெரியவர். ஆக, அது காதுக்கு எழுத வேண்டிய கடிதம். நான் சொன்னபடி அவள் தான் எழுதியதைத் தன் வாயால் சத்தமாக வாசித்துப் பார்த்தாள். "பாட்டி" என்ற இடத்திலேயே நின்றுவிட்டாளாம்.

ஏனென்றால் அவள் பிறந்ததிலிருந்து அம்மாவைப் பாட்டி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. தாயின் தாய் எங்களுக்கு அம்மம்மா, தகப்பனின் தாய் அப்பம்மா அல்லது அப்பாச்சி. தமிழ்நாட்டிலும் இது ஊருக்கு ஊர் வேறு. கொங்குப் பக்கத்தில் தாயின் தாய் அம்மாயி, செட்டிநாட்டில் தகப்பனின் தாய் அப்பத்தா, நெல்லையில் ஆச்சி. அச்சடித்த அட்டைகளுக்கும் பூப்படங்களுக்கும் இத்தனை பேரைத் தெரியாது. அவை எல்லோரையும் பாட்டி தாத்தா ஆக்கிவிடும். பெரியவரின் காதில் முதலில் விழுவது அந்த அழைப்புத்தான். அது பிசகினால், பின்னால் வருவதெல்லாம் வேறு யாருக்கோ எழுதியதுபோல் ஆகிவிடும். வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அதையே எழுதுங்கள், எழுத்தில் விநோதமாகத் தெரிந்தாலும்.

அடுத்தது "இழக்கிறேன்". இதை அப்படியே வாசித்திருந்தால் அம்மாவின் முகம் மாறியிருக்கும். எண்பது வயதுக்காரரிடம் அவருடைய பிறந்தநாளில், உங்களை நான் இழக்கிறேன் என்று சொல்வதற்கு நம் பேச்சில் ஒரே பொருள்தான் உண்டு. ஆங்கிலத்தில் 'மிஸ்' என்ற ஒரு சொல்லுக்குள் பஸ்ஸைத் தவறவிடுவதும் இருக்கிறது, ஆளின் நினைவில் ஏங்குவதும் இருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் பாலம் இல்லை. அவளிடம் கேட்டேன்: "சின்னப்பிள்ளையா இருக்கேக்க நீ அழுதா, அம்மா உன்னைப் பற்றி என்ன சொல்லுவா?" உடனே சொன்னாள்: "அம்மம்மாவைத் தேடுது எண்டு." அதுதான் சொல். தேடுது. பால்குடிப் பிள்ளை தாயைத் தேடும், வெளிநாடு போனவருக்கு ஊர் தேடும். அவள் வாயிலேயே இருந்த சொல்லை விட்டுவிட்டு, இல்லாத சொல்லைத் தேடிப் போயிருந்தாள்.

இனி வாழ்த்துகிறேன் என்பதற்கு வருகிறேன். இதில்தான் எங்களுக்குள் கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. எங்கள் வீடுகளில் வாழ்த்து மேலிருந்து கீழே வருவது. பிறந்தநாளன்று பிள்ளை பெரியவரின் காலைத் தொட்டுக் கும்பிடும், பெரியவர் தலையில் கைவைத்து வாழ்த்துவார். பெரியவருக்கே பிறந்தநாள் என்றாலும் கும்பிடுவது இளையவர்தான். மேடைகளில், வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன் என்று சொல்லும் வழக்கம் இதிலிருந்து வந்தது. இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் என்ற வாசகம் ஆங்கில வாழ்த்தைப் பார்த்து உண்டானது. அதை ஒத்த வயதுக்காரரும் பெரியவர்களும் சொன்னால் பொருந்துகிறது. பேத்தி அம்மம்மாவை "வாழ்த்துகிறேன்" என்று சொன்னால் சில பெரியவர்களுக்கு அது நெருடும்.

அப்படியானால் பேத்தி அம்மம்மாவுக்கு நீண்ட ஆயுளை வேண்டவே கூடாதா என்று கேட்டாள். நல்ல கேள்வி. எனக்குக் கோயில்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்துச் சிவன் கோயில்களிலும் முருகன் கோயில்களிலும் பூசை முடிவில் பஞ்சபுராணம் ஓதுவார்கள்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, திருப்புராணம். நாலாவதாக வரும் திருப்பல்லாண்டு சேந்தனார் பாடியது, ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. அதில் அடியார் இறைவனுக்கே பல்லாண்டு சொல்கிறார். வைணவத்தில் பெரியாழ்வாரும் திருமாலுக்குப் பல்லாண்டு பாடியிருக்கிறார். பிறப்பும் இறப்பும் இல்லாதவனுக்கு ஆயுள் வேண்டிப் பாட வைத்தது அன்பு மிகுந்த நிலை. கடவுளுக்கே பல்லாண்டு சொல்ல இடமிருந்தால் அம்மம்மாவுக்குச் சொல்ல இடமில்லையா? அதனால் "வாழ்த்துகிறேன்" என்பதை எடுத்துவிட்டு, கும்பிடுவதை முன்னே வைத்து, பல்லாண்டு இருங்கோ என்பதைப் பின்னே வைத்து, கடைசியில் ஆசீர்வாதம் கேட்டு முடித்தோம். தினமும் காதில் விழும் சொல் என்பதால் பல்லாண்டு அம்மாவுக்குப் புதிதாகவும் இராது.

எழுத்துப் பிழையைக் கடைசியில்தான் பார்த்தோம். "வாள்த்து" ஏன் வந்தது என்பது தெரிந்ததே. எங்கள் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகிவிடுகிறது, பழம் பளமாகும், மழை மளையாகும். காதால் தமிழ் கற்ற பிள்ளை, ஆங்கில எழுத்தை ஒலிப்படி தட்டித் தமிழ் எடுக்கும்போது, காதில் விழுந்ததைத்தானே தட்டும்? இசட்டையும் எச்சையும் சேர்த்துத் தட்டினால் ழ வரும் பலகைகள் நிறைய உண்டு என்று சொல்லிக் கொடுத்தேன். ழ, ள, ல மூன்றும், ற, ர இரண்டும், ந, ன, ண மூன்றும் வரும் இடங்களை மட்டும் ஒரு பெரியவரிடம் காட்டிச் சரிபார்த்தால் போதும், பிழையில் பெரும்பகுதி போய்விடும். வாழ்த்துகள், வாழ்த்துக்கள் இரண்டும் வழக்கில் இருக்கின்றன. ஒற்று இல்லாமல் வாழ்த்துகள் என்று எழுதுவதையே இலக்கணம் அறிந்த பலர் விரும்புகிறார்கள், நானும் அப்படித்தான் எழுதுகிறேன். இதற்காக ஒரு பிள்ளையின் கடிதத்தில் சிவப்புக் கோடு போட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

பிழைகளைவிட எனக்கு உறுத்தியது வேறு. அந்த மூன்று வரியில் அம்மாவும் இல்லை, அவளும் இல்லை. மகிழ்ச்சியாகவும் ஆரோக்கியமாகவும் இருக்கும்படி யார் யாருக்கும் சொல்லலாம். "அம்மம்மாவை நினைச்சா உனக்கு முதல் என்ன வருது?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "பாலப்பம்" என்றாள். முந்திய மார்கழியில் வந்து நின்றபோது அம்மா விடிய எழும்பிச் சுட்டுக் கொடுத்தது. இப்போது அவள் அங்கே தானே சுடப் பார்க்கிறாளாம், சரிவரவில்லையாம். "அதை எழுது" என்றேன். "பேர்த்டேக்கு அப்பத்தைப் பற்றியா எழுதுறது?" என்று கேட்டுவிட்டு எழுதினாள். ஒரு மணி நேரத்தில் வந்தது இது:

"சிவமயம்

அன்புள்ள அம்மம்மாவுக்கு,

இண்டைக்கு உங்களுக்கு எண்பது வயசு நிறையுது. இங்கை இருந்து உங்கட காலைத் தொட்டுக் கும்பிடுறன். போன மார்கழி நீங்கள் விடிய எழும்பிச் சுட்டுத் தந்த பாலப்பம் இன்னும் நாக்கில நிக்குது. இங்கை நான் சுட்டா ஓரம் கருகுது, நடு வேகுதில்லை. அடுத்த முறை வரேக்க உங்களுக்குப் பக்கத்தில நிண்டு பழகவேணும். உங்களைத் தேடுது அம்மம்மா. பல்லாண்டு நல்லா இருங்கோ. என்னை ஆசீர்வதியுங்கோ.

உங்கட மூத்த பேத்தி"

மேலே சிவமயம் போடச் சொன்னது நான். அம்மா தன் வாழ்நாளில் எழுதிய கடிதம் எல்லாம் அந்தத் தலைப்போடு தொடங்கியவை. பிள்ளையார் சுழி போடும் வீட்டார் அதைப் போடலாம், கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் தங்கள் வழக்கப்படி தொடங்கலாம். உள்ளே பேச்சுத் தமிழை அப்படியே விட்டது வேண்டுமென்றுதான். வாசிக்கும்போது பேத்தியின் குரல் வர வேண்டும் என்றால் அவள் பேசும் தமிழில்தான் அது இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கட்டுரைக்கு இது பொருந்தாது. கடிதத்துக்குப் பொருந்தும்.

அவள் முதலில் ஆயிரம் பிறை கண்ட அம்மம்மா என்றும் ஒரு வரி சேர்த்திருந்தாள். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதை எடுக்கச் சொன்னேன். ஒரு பூரணையிலிருந்து அடுத்த பூரணைக்குச் சராசரி 29.53 நாள். ஆயிரம் பூரணைக்கு 29,530 நாள் வேண்டும். எண்பது வருடத்தில் இருப்பது 29,220 நாள்தான். இன்னும் 310 நாள், அதாவது பத்து மாதம் குறைகிறது. வழக்கில் எண்பது வயதும் எட்டு மாதமும் என்று சொல்வார்கள். எப்படிப் பார்த்தாலும் எண்பதாம் பிறந்தநாளில் அது முந்திய பேச்சு. அம்மா இந்தக் கணக்கில் எல்லாம் கறார். அடுத்த ஆண்டு அதற்கென்று இன்னொரு கடிதம் எழுதலாம் என்று சொன்னதில் அவளுக்குச் சந்தோஷம்தான்.

எந்த நாளில் அனுப்புவது என்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அம்மாவுக்கு இரண்டு பிறந்தநாள். அடையாள அட்டையில் உள்ள ஆங்கிலத் தேதி ஒன்று. அவர் உண்மையில் எண்ணுவது ஆவணி உத்தரம். சந்திரன் 27 நட்சத்திரத்தையும் சுற்றிவர ஏறக்குறைய 27.3 நாள் எடுப்பதால், தமிழ் மாதத்தில் ஒரு நட்சத்திரம் வரும் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். ஆவணி உத்தரம் பெரும்பாலும் நல்லூர்த் தீர்த்தத்தை ஒட்டி வரும். சில ஆண்டுகளில் ஆகஸ்ட் இறுதி, சில ஆண்டுகளில் செப்டெம்பர் நடு. பேத்திக்குத் தெரிந்தது ஆங்கிலத் தேதி. எதை விடுவது? இரண்டையும் வைத்துக்கொண்டோம். ஆங்கிலத் தேதிக்குக் கடிதம், நட்சத்திரத்தன்று தொலைபேசி. கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்திருக்கும் நேரத்தில் பேத்தி அழைத்தால், என் நட்சத்திரம் அவளுக்குத் தெரிந்திருக்கிறதே என்று அம்மா நாலு பேருக்குச் சொல்வார்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். கோடையில் ரொறன்ரோ எங்களைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் பத்தரை. அவள் தன் ஊர் நள்ளிரவுக்கு அனுப்பினால் இங்கே காலை ஒன்பதரை ஆகிவிடும். அம்மா ஐந்து மணிக்கு எழும்பி, இன்னும் ஒன்றும் வரவில்லையே என்று இருந்திருப்பார். முதல்நாள் இரவு எட்டரைக்கு அங்கிருந்து அனுப்பினால் இங்கே காலை ஆறு மணி, தேத்தண்ணி குடிக்கும் நேரம். அந்த நேரத்தைத்தான் குறித்தோம்.

இனி அந்த ஆங்கில வரி. அவளுடைய சிநேகிதிகளில் பலருக்குத் தமிழ் தெரியாது. அவள் தமிழில் எழுதி அம்மம்மாவின் படத்தோடு போட்டால், என்ன இது என்று கேட்பார்கள். அவர்களுக்கு ஒரு வரி வேண்டும் என்பது நியாயம். ஆனால் தமிழ்க் கடிதத்தை முழுவதும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. காலைத் தொட்டுக் கும்பிடுவதையும் சிவமயத்தையும் ஆங்கிலத்தில் விளக்கப் போனால் அது கட்டுரையாகிவிடும், வாழ்த்து அங்கேயே செத்துவிடும். சிநேகிதிகள் அறிய வேண்டியது இவ்வளவுதான்: இவர் யார், இன்று என்ன, உனக்கு இவர் என்ன வேண்டும்.

முதிய பெண்மணி, ராணி என்று அவள் எழுதியது அங்கே அன்பான பேச்சுத்தான், எனக்கும் தெரியும். நான் ஒன்று மட்டும் நினைவுபடுத்தினேன். தமிழை வாசித்து முடித்ததும் அம்மா கட்டாயம் கேட்பார்: "கீழ இங்கிலீசில என்ன எழுதியிருக்கிறாள்?" நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். முதிய பெண்மணி என்பதை நான் எப்படிச் சொல்வது? கிழவி என்றா? ஆங்கிலத்தில் போடும் எந்த வரியும் தமிழுக்குத் திரும்பி வந்து பெரியவரின் காதில் விழும். திருப்பிச் சொல்லும்போது வாசிப்பவர் தயங்க வேண்டிய சொல் எதுவும் அதில் இருக்கக் கூடாது. வயதை வைத்துப் பகிடி பண்ணுவது, இன்னும் தெம்பாக இருக்கிறார் என்று வியப்பது எல்லாம் அங்கே அட்டைகளில் வழக்கம். தமிழில் திருப்பினால் அவை நாவுறு போலத் தொனிக்கும்.

அவள் மாற்றி எழுதிய ஆங்கில வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "என் அம்மம்மாவுக்கு, என் அம்மாவின் அம்மாவுக்கு, யாழ்ப்பாணத்தில் இன்று எண்பது வயது. அப்பம் சுட இன்னும் அவவிடம்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்." ஆங்கிலத்துக்குள்ளும் அம்மம்மா என்ற சொல்லை அப்படியே விட்டு, அடுத்து இரண்டு சொல்லில் உறவை விளக்கிவிட்டாள். ஆங்கிலத்தின் 'கிராண்ட்மதர்' தாய்வழியா தகப்பன்வழியா என்று சொல்லாது. அவளுடைய சிநேகிதிகள் ஒரு தமிழ்ச் சொல்லைக் கற்றுக்கொண்டார்கள். ஆங்கில வரியைத் தமிழுக்குக் கீழே ஒரு வரி இடம்விட்டுப் போடச் சொன்னேன், மேலே போட்டால் கடிதம் சிநேகிதிகளுக்கு எழுதியதுபோல் ஆகிவிடும் என்பதால்.

பொதுவில் போடுவதில் நான் கண்டிப்பாக இருந்த விஷயம் இரண்டு. அம்மா கேட்டு முடிக்கும்வரை அதை வெளியில் போடக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து, உங்கட பேத்தி போட்டதைப் பார்த்தேன் என்று முந்திச் சொன்னால், கடிதம் பழசாகிவிடும். அடுத்தது, அம்மாவின் முழுப்பெயரும் பிறந்த ஆண்டும் வீட்டு வாசலும் படத்தில் வரக் கூடாது, தாலிக்கொடி தெரியும் படமும் வேண்டாம். பிறந்த தேதியைக் கேட்டுத்தான் வங்கிகளும் பல சேவைகளும் ஆளை உறுதிப்படுத்துகின்றன. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நகை இருக்கிறது என்பதை ஊருக்குச் சொல்வதும் தேவையில்லாத வேலை. விறாந்தையில் கதிரையில் இருந்து சிரிக்கும் படம் ஒன்றை அம்மாவிடம் காட்டி, இதைப் போடட்டாம் என்று கேட்டேன். தலையை வாரிக்கொண்டு இன்னொன்று எடுக்கச் சொன்னார்.

அன்று காலை ஆறு மணிக்கு வாசித்தேன். சிவமயம் என்றதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓரம் கருகுது என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "அதைத் திருப்பி வாசி" என்றார். வாசித்தேன். தேடுது என்ற இடத்தில் ஒன்றும் பேசவில்லை, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆங்கில வரியைக் கேட்டார், சொன்னேன். பிறகு, "பதில் எழுது, நான் சொல்லுறன்" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டி அனுப்பிய பதில் இது:

"என்ர செல்லத்துக்கு, நல்லா இரு. சட்டி கூடச் சூடேறியிட்டுது, அதுதான் ஓரம் கருகுது. மாவை விட்டுச் சுத்தினவுடன அடுப்பைக் குறை. நடுவில பாலை விட்டிட்டு மூடியைப் போடு, மூடாம விட்டா நடு வேகாது. நாலு சுட்டுப் பார்த்திட்டு எனக்குச் சொல்லு."

ஆவணி உத்தரத்தன்று அவள் அழைத்தபோது, நாலில் மூன்று சரியாக வந்ததாகச் சொன்னாள்.